எதுக்கு ரெண்டு வாடகை? சேர்ந்து குடியேறும் முன் பேசி முடிக்க வேண்டியவை

மே மாதம் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. நான்கு வருடப் பழக்கம். வாரத்தில் பாதி நாள் எப்படியும் ஒருவர் இடத்தில்தான் மற்றவரின் சாப்பாடு. "எதுக்கு ரெண்டு வாடகை?" என்று ஒருவர் கேட்கிறார். மற்றவர் மறுக்கவில்லை. ஜூன் முதல் தேதி வேளச்சேரியில் ஒரு வீட்டில் பால் காய்ச்சியாகிவிடுகிறது.

இதில் முடிவெடுத்தது யார்? யாரும் எடுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த தேதிதான் எடுத்தது.

அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஸ்டான்லி, கலேனா ரோட்ஸ் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைத்தான் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். 2006இல் அவர்கள் முன்வைத்த கருத்து எளிமையானது. சில ஜோடிகள் சேர்ந்து வாழ்வதை முடிவாக எடுக்கிறார்கள். பலர் அதற்குள் நழுவிப் போகிறார்கள். நழுவிப் போவதில் என்ன சிக்கல் என்றால், சேர்ந்து வாழ ஆரம்பித்ததுமே பிரிவதற்கான செலவு ஏறத் தொடங்கிவிடும். ஒரே வீடு, ஒரே ஃபிரிட்ஜ், ஒரே நண்பர் கூட்டம், ஒருவேளை ஒரு நாய்க்குட்டி. ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் உறுதி அதே வேகத்தில் ஏறியதா என்பது தனிக் கேள்வி. தனித்தனியாக இருந்திருந்தால் ஒரு வருடத்தில் பிரிந்திருக்கக்கூடிய இருவர், வீட்டைக் காலி செய்யும் அலுப்பிலேயே கல்யாணம்வரை போய்விடலாம். இதுதான் அவர்கள் சொல்ல வந்தது.

அவர்களுடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரு முடிவு: கல்யாணம் செய்துகொள்வது என்று இருவரும் வெளிப்படையாகத் தீர்மானித்த பிறகு ஒரே வீட்டுக்கு வந்தவர்களைவிட, அந்தத் தீர்மானத்துக்கு முன்பே வந்தவர்களின் மணவாழ்க்கை சராசரியாகக் கொஞ்சம் பலவீனமாக இருந்தது. இன்னொன்றும் கண்டார்கள். "ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்கத்தான் சேர்ந்திருக்கிறோம்" என்று சொன்னவர்களிடம் சண்டையும் மனச்சோர்வும் கூடுதலாகத் தெரிந்தன. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. சோதிக்க வேண்டும் என்று தோன்றுவதற்கு ஏற்கனவே ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும் அல்லவா? ஆனால் இவை அமெரிக்கக் கணக்குகள், அதுவும் சராசரிகள். ஒரே வீட்டில் இருந்ததால்தான் உறவு கெட்டது என்று இவை நிரூபிக்கவில்லை. நமக்கு உதவுவது அந்தக் கருத்துதான், எண்கள் இல்லை.

சென்னையில் நழுவுவதற்கு இன்னொரு முகமும் உண்டு. இங்கே பல ஜோடிகள் சேர்ந்து குடியேறுவது வீட்டுக்குத் தெரியாது. அதனால் வெளியேறும் செலவோடு மறைக்கும் செலவும் சேர்கிறது. ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இது விளக்கத்துக்காக நான் அமைத்த ஜோடி. ஆனால் இந்த ஊரில் இவர்களைப் போல் பலரைப் பார்க்கலாம்.

அவளுக்கு 28 வயது. தரமணியில் வேலை, கைக்கு வருவது மாதம் 62,000 ரூபாய். பெற்றோர் திருச்சியில். அவனுக்கு 30, கைக்கு 48,000. அம்மாவும் 24 வயதுத் தங்கையும் தென்காசியில். வீட்டுக்கு மாதம் 15,000 அனுப்புகிறான். கல்விக் கடன் இ.எம்.ஐ. 9,000. இருவரும் வேறு வேறு சாதி. அவள் தோழிகளோடு பகிர்ந்த வீட்டில் இருக்கிறாள், அவன் மேன்ஷன் மாதிரி ஒரு பி.ஜி.யில்.

எதற்காக, எதுவரை

முதலில் பேச வேண்டியது பணமும் இல்லை, வீடும் இல்லை. "இது கல்யாணத்துக்கு முந்தைய படியா, கல்யாணத்துக்குப் பதிலா, இல்லை இப்போதைக்கு வசதியா?" இந்த மூன்றில் எது என்பதை இருவரும் தனித்தனியாக ஒரு தாளில் எழுதிவிட்டு, பிறகு மாற்றிப் படிக்க வேண்டும். வாய்ப்பேச்சில் ஒருவர் சொல்வதை மற்றவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டுவிடுவார். அதனால்தான் தாள். மூன்றுமே நியாயமான பதில்கள்தான். கல்யாணமே வேண்டாம் என்று தெளிவாக இருக்கும் இருவர் சேர்ந்து வாழ்வதில் எந்தக் குழப்பமும் இல்லை. ஒருவர் முதல் பதிலையும் மற்றவர் மூன்றாவதையும் எழுதிவிட்டு ஒரே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

நம் ஜோடியில் இருவருமே "கல்யாணத்துக்கு முந்தைய படி" என்றுதான் எழுதுகிறார்கள். நல்லது. எப்போது என்று கேட்டால் அவன் சொல்கிறான்: "தங்கச்சி கல்யாணம் முடியட்டும். அப்புறம் அம்மாகிட்ட சொல்றேன்."

தமிழ்நாட்டில் எத்தனை காதலிகள் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால் நன்றாக இருக்கும். இதை உடனே சாக்கு என்று தள்ளவும் முடியாது. அண்ணன் வேறு சாதியில் கட்டினால் தங்கைக்கு வரும் வரன்கள் குறையும் என்ற பயம் பல வீடுகளில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் இது உண்மையான தடையா, பேச்சைத் தள்ளிப்போடும் வழியா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. மூன்று துணைக் கேள்விகள் போதும்.

வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார்களா? ஜாதகம் வெளியே போயிருக்கிறதா? அந்தத் தங்கைக்கு இப்போதைக்குக் கல்யாண யோசனையே இல்லை, வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள் என்றால், இந்தக் கெடுவுக்குத் தேதியே கிடையாது. அடுத்து, இன்ன மாதத்துக்குள் முடியாவிட்டால் என்ன செய்வாய்? "அப்பவும் சொல்லிடுவேன்" என்று ஒரு மாதத்தைக் குறித்துச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கடைசியாக, அம்மாவிடம் சொல்ல முடியாது, சரி. தங்கையிடம் சொல்லியாயிற்றா? அவளுடைய பெயரைச் சொல்லி ஒரு முடிவு தள்ளிப்போகிறது, அது அவளுக்கே தெரியாது என்றால் அது கொஞ்சம் விசித்திரம்தான்.

அவளிடமும் இதே கண்டிப்போடு கேட்க வேண்டும். திருச்சியில் அவளுக்கு வரன் பார்க்கிறார்களா? "பார்க்கட்டும், நான் வேண்டாம்னு சொல்லிடுவேன்" என்பது பதில் இல்லை. இரண்டு வருடம் ஒவ்வொரு வரனுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிப்பது முழுநேர வேலை.

வீட்டுக்குத் தெரியாமல் சேர்ந்து குடியேறுவதாக இருந்தால் இன்னும் சில சாதாரண விஷயங்கள் உண்டு. அப்பா ஒரு நாள் காலை ஐந்தரைக்குப் போன் செய்து, "கிளாம்பாக்கத்துல இறங்கிட்டேன், அட்ரஸ் அனுப்பு" என்றால் என்ன செய்வது? பொங்கலுக்குத் தனித்தனியாக ஊருக்குப் போவது எத்தனை வருடத்துக்குத் தாங்கும்? வீடியோ காலில் பின்னால் தெரியும் சட்டைக்கு யார் பெயரைச் சொல்வது? சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் மறைப்பதன் பாரம் பெரும்பாலும் ஒருவர்மேல்தான் அதிகமாக விழும், அது பெரும்பாலும் பெண். அந்தப் பாரத்தைச் சுமப்பவர் எத்தனை மாதம் சுமக்கத் தயார் என்பதுதான் உண்மையான கெடு.

பாதிப் பாதி என்பது எப்போதும் நியாயமில்லை

வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு, வாடகை 24,000 என்று வைத்துக்கொள்வோம். மெயின்டனன்ஸ், கரண்ட், மளிகை, கேஸ், வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ஆகிறது.

ஆளுக்குப் பாதி என்றால் 20,000. அவனுடைய 48,000இல் ஊருக்கு 15,000, இ.எம்.ஐ. 9,000 போனால் மீதி 24,000. அதில் 20,000 வீட்டுக்குப் போனால் மாதம் முழுக்கப் பெட்ரோலுக்கும் போனுக்கும் டீக்கும் 4,000. அவளோ ஊருக்கு 5,000 அனுப்புகிறாள், மீதி 57,000. வீட்டுக்கு 20,000 போனாலும் கையில் 37,000 நிற்கிறது. மூன்றாவது மாதமே அவன் அவளிடம் கைமாற்று வாங்குவான். ஆறாவது மாதம் அது யாரும் பேசாத கணக்காகிவிடும்.

வேறொரு முறையில் பார்க்கலாம். கடமைகள் போக மிச்சம் இருப்பதன் விகிதத்தில் பிரிப்பது. அவன் 24,000, அவள் 57,000, மொத்தம் 81,000. பொதுச் செலவு 40,000ஐ இந்த விகிதத்தில் பிரித்தால் அவன் பங்கு ஏறக்குறைய 12,000, அவள் பங்கு 28,000. இப்போது அவன் கையில் 12,000, அவள் கையில் 29,000. இருவராலும் மூச்சுவிட முடிகிறது.

ஆனால் இங்கே நிறுத்திவிடக் கூடாது. இந்தக் கணக்கில் அவனுடைய கல்விக் கடனையும் தென்காசி வீட்டுச் செலவையும் அவளும் மறைமுகமாகச் சுமக்கிறாள். மாதம் 8,000, வருடத்துக்கு 96,000. கணவன் மனைவிக்குள் இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த வீடு அவளுடைய வீடும்தான். ஆனால் தென்காசியில் அவள் யாரென்றே தெரியாதபோது? அவளுக்கு இதில் சம்மதமா என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். "சம்மதம்தான், ஆனா ரெண்டு வருஷத்துக்கு மேல இல்ல" என்று அவள் சொன்னால் அதுவும் முழுப் பதில்தான். முதல் கேள்வியில் எழுதிய தேதிக்கு இப்போது ஒரு விலை வந்துவிட்டது.

இந்தப் பேச்சு தொடங்குவதற்கு இருவரும் சம்பளச் சீட்டையும் கடன் விவரத்தையும் காட்டியிருக்க வேண்டும். நான்கு வருடம் பழகிய பிறகும் மற்றவரின் கிரெடிட் கார்டு பாக்கி தெரியாத ஜோடிகள் நிறைய. காட்டத் தயங்குகிறார் என்பதே ஒரு தகவல்தான்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. நடைமுறையில் சிலர் அதிகமும் கேட்பார்கள். மூன்று மாதம் என்றே வைத்தால் 72,000. நம் ஜோடியில் அதை அவள்தான் போட வேண்டிவரும். அப்படியானால் ஒப்பந்தத்தில் அவள் பெயர் இருந்தே தீர வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது வங்கிக் கணக்கு வழியாகவே போகட்டும். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் ஆளுக்கு ஒன்றாக வாங்குங்கள், சேர்ந்து வாங்காதீர்கள். பிரிய நேர்ந்தால் ஒரு ஃபிரிட்ஜை இரண்டாக்க முடியாது. சேர்ந்து கடன் வாங்குவது, மனை வாங்குவது எல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஹவுஸ் ஓனரிடம் என்ன சொல்வது? "ஃபேமிலியா, பேச்சிலரா?" என்ற கேள்வி இல்லாமல் சென்னையில் வீடு கிடைப்பது கடினம். புரோக்கரே "கல்யாணம் ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க, ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்பார். வாய்ப்பேச்சில் அது நடந்துவிடும். ஒப்பந்தப் பத்திரத்தில் கணவன் மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு. இருவரையும் வாடகைதாரர்களாக மட்டும் குறிப்பிட்டு எழுதச் சம்மதிக்கும் உரிமையாளரைத் தேட நேரம் கூடுதலாகும். அந்த நேரத்தையும் திட்டத்தில் வையுங்கள்.

சட்டம் எதுவரை வரும்

வயது வந்த இருவர் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை. நடிகை குஷ்பு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் "திருமணத்தின் தன்மை கொண்ட உறவு" என்று ஒன்றை ஏற்கிறது. அதனால் அப்படி வாழும் பெண்ணும் பாதுகாப்பும் பராமரிப்பும் கேட்கலாம்.

ஆனால் எல்லா லிவ்-இன்னும் அதற்குள் வராது. 2010இல் வேலுச்சாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில், தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான், உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளைச் சொன்னது. இருவரும் சட்டப்படி கல்யாணம் செய்யத் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், ஊருக்குத் தம்பதியாகத் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இங்கேதான் சென்னை ஜோடிகளின் முரண்பாடு. அலுவலகத்தில் தெரியாது, ஊரில் தெரியாது, பக்கத்து வீட்டில் "ஃபிரெண்ட்ஸ்" என்றால், மூன்றாவது நிபந்தனை ஆட்டம் காண்கிறது. எவ்வளவு கவனமாக மறைக்கிறோமோ, சட்டத்தின் கை அவ்வளவு எட்டாமல் போகிறது.

சேர்ந்து வாழ்ந்ததால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது. ஒருவர் இறந்தால், உயில் இல்லாவிட்டால் மற்றவர் வாரிசாகிவிட மாட்டார். மருத்துவமனையில் கையெழுத்துப் போட உறவினர் எங்கே என்றுதான் கேட்பார்கள். அதனால் இருவருமே ஒரு அண்ணன், தங்கை, நெருங்கிய உறவு என யாராவது ஒருவரிடம் மற்றவரைப் பற்றிச் சொல்லி, எண்ணைக் கொடுத்து வைக்க வேண்டும். தங்கையிடம் சொல்லியாயிற்றா என்று முன்பு கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஜோடி எங்கே வந்து நிற்கிறது

அவன் தங்கையிடம் பேசுகிறான் என்று வைப்போம். தங்கைக்கு இரண்டு வருடத்துக்குக் கல்யாண எண்ணம் இல்லை என்று தெரியவருகிறது. அப்படியானால் தங்கை கல்யாணம் என்ற கெடு விழுந்துவிட்டது. ஆடி கழிந்ததும் ஆவணியில் அம்மாவிடம் நேரில் போய்ச் சொல்வது என்று அவன் ஒரு மாதத்தைக் குறிக்கிறான். அவளும் அதே மாதம் திருச்சியில் பேசுவது என்று முடிவு.

இந்த நிலையில் மே மாதமே சேர்ந்து குடியேறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று மாதத்தில் இரு வீட்டிலும் பேச்சு வரப்போகிறது. அப்போது "எங்க தங்கியிருக்கீங்க?" என்ற கேள்விக்குப் பொய் சொல்லித் தொடங்க வேண்டாம். அவள் தோழிகளோடு இருக்கும் வீட்டை வழக்கமான 11 மாதத்துக்குப் புதுப்பிக்கட்டும். ஒரு மாத முன்னறிவிப்பில் விலகலாம் என்ற வரி அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். இரட்டை வாடகையில் போகும் பணம், நழுவாமல் இருப்பதற்கான செலவு.

வேறு பதில்கள் வந்திருந்தால் வேறு முடிவு வந்திருக்கும். இரு வீட்டுக்கும் ஏற்கனவே தெரியும், தேதிதான் தள்ளிப்போகிறது என்றால் மே மாதமே குடியேறுவதில் தப்பில்லை. ஆவணியும் போய், ஐப்பசியும் போய், அவன் இன்னும் தென்காசிக்கு டிக்கெட் போடவில்லை என்றால், அவளுக்குத் தேவையான தகவல் கிடைத்துவிட்டது. அதுவும் 72,000 ரூபாயை முடக்காமலே.

கல்யாணம் என்று முடிவானால்

இருவரும் இந்துக்கள் என்றால் சாதி வேறாக இருப்பது சட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. கோயிலிலோ மண்டபத்திலோ செய்யலாம். இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று 1967இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவின்படி சுயமரியாதைத் திருமணமும் செய்யலாம். உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால் போதும், புரோகிதர் தேவையில்லை. பிறகு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருவார்கள்.

மதம் வேறு என்றால், யாரும் மதம் மாறாமல் மணக்க வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். ஒருவராவது 30 நாள் தங்கியிருந்த மாவட்டத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அது அலுவலகத்தில் ஒட்டப்படும். 30 நாளில் செல்லத்தக்க ஆட்சேபணை இல்லையென்றால் மூன்று சாட்சிகளோடு கல்யாணம். அறிவிப்புக் கொடுத்து மூன்று மாதம் தாண்டினால் அது காலாவதி. வயது, ஏற்கனவே உள்ள திருமணம், மனநிலை, தடைசெய்யப்பட்ட உறவுமுறை ஆகியவைதான் ஆட்சேபணைக்குக் காரணமாகலாம். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. ஆனாலும் அந்த 30 நாள், விஷயம் வீட்டுக்கு எட்டும் 30 நாளும்தான். மிரட்டல் வரும் என்ற பயம் இருந்தால், அறிவிப்புக் கொடுப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

கல்யாணம் முடிந்த வாரத்தில் பலர் மறப்பது பி.எஃப். நியமனதாரரை மாற்றுவதை. தனி ஆளாக இருந்தபோது யார் பெயரைக் கொடுத்திருந்தாலும், பி.எஃப். விதிப்படி கல்யாணம் ஆனதும் அந்த நியமனம் செல்லாது. இணையதளத்தில் புதிதாக e-nomination போட வேண்டும். சேர்ந்து மட்டும் வாழ்பவர்களுக்கு இதில் பெரும்பாலும் இடமில்லை: சார்ந்திருக்கும் அப்பா அம்மா இருந்தால் அவர்கள்தான் அந்த விதிகளின்படி குடும்பம், துணையின் பெயரைப் போட முடியாது.